காலியாக இருந்த ஒரு கட்டம்

ஜூன் 9, 2025, திங்கள்

யூடி லெவல் 2 பரீட்சை முடிவு சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வந்தது. பொதுத் தாளில் 40 கேள்விக்கு 34 சரி, அதாவது 85. ஸ்பெசிஃபிக் தாளில் 20க்கு 16, அதாவது 80. செய்முறையில் 88. எந்தத் தாளிலும் 70க்குக் கீழே போகக் கூடாது, மூன்றின் சராசரி 80க்குக் குறையக் கூடாது. எனக்கு 84 வந்திருக்கிறது. பாஸ்.

அம்மாவிடம் சொன்னதும், "அப்ப அந்த மெட்ராஸ் கம்பெனிக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லிடு. வேற யாரையாச்சும் எடுத்துடப் போறாங்க" என்றார்.

அந்தக் கவலை எனக்கும் உண்டு. போன மாதக் கடைசியில், சென்னைப் பக்கம் பிரஷர் வெசல் செய்யும் ஒரு கம்பெனியில் என்டிடி டெக்னீஷியன் வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். அவர்களுடைய இணையப் படிவத்தில் பிடி, எம்டி, யூடி மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம். பெனட்ரண்ட் டெஸ்டுக்கும் மேக்னடிக் பார்ட்டிக்கிளுக்கும் லெவல் 2 என்று நிரப்பினேன். அல்ட்ராசோனிக் கட்டத்தைக் காலியாக விட்டு, கீழே குறிப்பில் "பயிற்சி நடக்கிறது, தேர்வு ஜூனில்" என்று மட்டும் எழுதினேன். விளம்பரத்தில் யூடி லெவல் 2 இருந்தால் நல்லது என்றுதான் போட்டிருந்தார்கள், கட்டாயம் என்று இல்லை. கடைசித் தேதி மே 30. இன்னும் யாரையும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

ராத்திரி அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். என் விண்ணப்பம் இருக்கிறது, ஆனால் படிக்க மட்டும்தான் முடிகிறது. திருத்தும் பொத்தான் இல்லை. சொல்வதென்றால் மின்னஞ்சலில்தான் சொல்ல வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

டீ நேரத்தில் ஷாப்பில் எங்கள் க்யூசி அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் யூடி, ஆர்டி இரண்டிலும் லெவல் 2. துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் பல ஷாப்புகளைப் பார்த்தவர். நான் கம்பெனி மாற நினைப்பது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"என்னன்னு எழுதப் போற?" என்று கேட்டார்.

"யூடி லெவல் 2 சர்டிஃபைட் ஆயிட்டேன்னு."

"யார் உன்னைச் சர்டிஃபை பண்ணது?"

"இன்ஸ்டிடியூட்தான்ணே."

சிரித்தார். பிறகு தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். இந்த ஊரில் பெரும்பாலும் நடப்பது எஸ்என்டி-டிசி-1ஏ முறை. அமெரிக்காவின் ஏஎஸ்என்டி அமைப்பு வெளியிடும் பரிந்துரை அது. அதன்படி ஒருவனைச் சான்றளிப்பது வேலை கொடுக்கும் கம்பெனி. ஒவ்வொரு கம்பெனியும் 'ரிட்டன் பிராக்டிஸ்' என்று தனக்கான விதிமுறையை எழுதி வைத்திருக்கும். எத்தனை மணி நேரப் பயிற்சி, எத்தனை மணி நேர அனுபவம், என்ன தேர்வு, கண் பரிசோதனை எப்போது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்து, தன் லெவல் 3 ஆளை வைத்துச் சரிபார்த்து, கம்பெனியே கையெழுத்துப் போடும். இன்ஸ்டிடியூட் கொடுப்பது டிரைவிங் ஸ்கூல் கொடுக்கும் காகிதம் மாதிரி. லைசென்ஸ் கொடுக்கிற இடம் வேறு.

"உன் பிடி, எம்டி சர்டிபிகேட்டும் நம்ம கம்பெனி போட்டதுதான். நீ இங்கேருந்து கிளம்பினா அதுவும் முடிஞ்சுது. புதுக் கம்பெனி அதோட பேர்ல திரும்பப் போடணும். ஐஎஸ்ஓ 9712ன்னா கதை வேற. அது வெளி அமைப்பு தர்றது, ஆளோடயே போகும். உன்கிட்ட இருக்கிறது அது இல்ல."

அப்படியானால் அவர்களிடம் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். "நிறைய இருக்கு. அவங்க உன்னைச் சர்டிஃபை பண்ண என்னென்ன தேவையோ அதுல எதெல்லாம் முடிஞ்சிருக்குன்னு சொல்லு. மெயிலை முதல்ல ஹெச்ஆர் படிப்பாங்க. ஆனா முடிவு சொல்றது அங்க இருக்கிற லெவல் 3. அவர் 'சர்டிஃபைட்'ங்கிற வார்த்தையைப் பார்த்தார்னா, இவனுக்கு முறையே தெரியலைன்னு நினைப்பார்."

ஜூன் 11, புதன்

ஷிஃப்ட் முடிந்து வந்து லாக் புக்கை எடுத்து உட்கார்ந்தேன். எந்த ஜாப், எந்த முறை, எத்தனை மணி நேரம் என்று தேதி வாரியாக எழுதி, வாரக் கடைசியில் அண்ணனிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். இந்தப் பழக்கத்துக்கு அவர்தான் காரணம்.

பயிற்சியில் குறை ஒன்றும் இல்லை. லெவல் 1க்கு 40, லெவல் 2க்கு 40 என்று 80 மணி நேரம் முடித்திருக்கிறேன். சிக்கல் அனுபவத்தில். யூடியில் லெவல் 1க்கு 210 மணி நேரம் அந்த முறையில் வேலை செய்திருக்க வேண்டும், லெவல் 2க்கு அதற்கு மேல் 630. நடுவில் லெவல் 1 ஆகச் சான்று பெறாமல் நேரே லெவல் 2க்குப் போகிறவனுக்கு இரண்டையும் சேர்த்து 840. என் லாக் புக்கில் யூடி மட்டும் கூட்டினால் 520தான் வருகிறது. பிடி, எம்டி மணி நேரத்தைக் கொண்டுவந்து இதில் சேர்க்க முடியாது. என்டிடி மொத்த அனுபவம் என்று இன்னொரு கணக்கு இருக்கிறது, அதற்கு மட்டும்தான் அவை உதவும். அந்தக் கணக்கில் எனக்குக் குறைவில்லை.

ஆக, லெவல் 2 தேர்வில் தேறியிருக்கிறேன், லெவல் 2க்கான அனுபவம் இன்னும் நிறையவில்லை. இதை மெயிலில் சொல்வதா, அவர்கள் கேட்கும்வரை பேசாமல் இருப்பதா என்று ராத்திரி முழுக்க யோசனை.

ஜூன் 12, வியாழன்

கண் பரிசோதனைச் சீட்டு இந்த மாதக் கடைசியில் காலாவதி ஆகிறது. கிட்டத்தில் பார்க்கும் திறனை வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். 12 அங்குலத் தூரத்தில் வைத்து ஜேகர் 2 அளவு எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். நிற வேறுபாட்டுச் சோதனை 5 வருஷத்துக்கு ஒருமுறை போதும். அனுப்புகிற காகிதம் அவர்கள் பார்க்கும்போது செத்துப் போயிருக்கக் கூடாது என்று, மதியம் பர்மிஷன் போட்டுவிட்டுத் திருவெறும்பூர் போய்ப் புதுச் சீட்டு வாங்கினேன். எந்த எழுத்து அளவு, எத்தனை அங்குலம் என்று சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். வெறும் 'பார்வை நார்மல்' என்று எழுதினால் ஆடிட்டில் ஏற்க மாட்டார்கள்.

ஜூன் 13, வெள்ளி

சான்றிதழ் கைக்கு வந்தது. வாங்கியதும் ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்லியிருந்தார் அண்ணன்: பெயர், முறையும் லெவலும், எஸ்என்டி-டிசி-1ஏ எந்த ஆண்டுப் பதிப்பு, மூன்று தாள்களின் தனி மதிப்பெண், தேர்வு வைத்த லெவல் 3இன் கையெழுத்தும் அவருடைய சான்று எண்ணும்.

நான்கு சரியாக இருந்தன. பெயரில் இன்ஷியல் பெயருக்குப் பின்னால் போட்டிருக்கிறது. கம்பெனிப் படிவத்தில் ஆதாரில் இருக்கிறபடி அப்பா பெயரை முழுசாக எழுதியிருக்கிறேன். பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே ஆளா என்று சந்தேகம் வரலாம். இன்ஸ்டிடியூட்டில் கேட்டால் மாற்றித் தர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை காத்திருக்க முடியாது. மெயிலில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும் என்று விட்டுவிட்டேன்.

கூடப் படித்தவன் ஒருவன் அதே கம்பெனிக்குப் போட்டிருக்கிறான். அவன் வேறொரு மெயில் முகவரியில் புதுக் கணக்கு தொடங்கி, யூடி கட்டத்தையும் நிரப்பி, இரண்டாவது விண்ணப்பமே போட்டுவிட்டானாம். "புதுசா இருக்கிறதைத்தான்டா பார்ப்பாங்க" என்கிறான். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரே போன் நம்பர், ஒரே பிறந்த தேதி, இரண்டு விண்ணப்பம், இரண்டு விதமான தகுதி. எது நிஜம் என்று அவர்கள் அவனைக் கேட்க வேண்டியிருக்கும். அதைவிட, ஏற்கெனவே இருக்கும் விண்ணப்பத்தோடு இந்தத் தகவலை ஒட்டுவதுதான் முறை.

ஜூன் 14, சனி

அரை நாள் ஷிஃப்ட். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெயிலை எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது ஒரு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஏற்கெனவே விண்ணப்பத்தில் சொன்னது. அதையெல்லாம் எடுத்தேன். மே மாதம் சமர்ப்பித்தபோது இல்லாதது எதுவோ, அது மட்டும் இருந்தால் போதும்.

புது மெயிலாக எழுதாமல், விண்ணப்பம் கிடைத்தது என்று அவர்கள் அனுப்பிய மெயிலுக்கே பதிலாக எழுதினேன். அதில் விண்ணப்ப எண் இருக்கிறது, தேட வேண்டியதில்லை. அந்த முகவரிக்குப் பதில் எழுதலாமா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். பல கம்பெனிகளில் அது பதில் போகாத முகவரியாக இருக்கும். இவர்கள் மெயிலின் அடியில் ஹெச்ஆர் முகவரி ஒன்று தனியாகக் கொடுத்திருந்தார்கள். அதையும் சேர்த்துப் போட்டேன்.

ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் இங்கே குறித்து வைக்கிறேன்:

"பொருள்: விண்ணப்ப எண் … என்டிடி டெக்னீஷியன்: யூடி லெவல் 2 தேர்வு முடிவு, கூடுதல் ஆவணங்கள்.

வணக்கம். மேற்கண்ட பணிக்கு மே மாதம் விண்ணப்பித்தேன். அப்போது யூடி பயிற்சி நடந்துகொண்டிருந்ததால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். இப்போது 80 மணி நேரப் பயிற்சியை முடித்து, எஸ்என்டி-டிசி-1ஏ முறைப்படி நடந்த லெவல் 2 தேர்வில் தேறியுள்ளேன். பொது 85, ஸ்பெசிஃபிக் 80, செய்முறை 88.

யூடியில் என் பதிவு செய்த அனுபவம் இன்றுவரை 520 மணி நேரம். லெவல் 1க்குத் தேவையானதைத் தாண்டியிருக்கிறது, லெவல் 2க்கு நிறைவாகவில்லை. உங்கள் ரிட்டன் பிராக்டிஸ்படி எந்த லெவலில் எடுத்துக்கொள்ள முடியுமோ அதன்படி பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

தேர்வுச் சான்று, பயிற்சிப் பதிவு, இந்த மாதக் கண் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றை ஒரே கோப்பாக இணைத்துள்ளேன். சான்றிதழில் என் பெயர் இன்ஷியலுடன் உள்ளது. விண்ணப்பத்தில் முழுப் பெயர். விண்ணப்பத்தின் மற்ற விவரங்களில் மாற்றம் இல்லை."

அவ்வளவுதான். 520 என்ற எண்ணைப் போடலாமா வேண்டாமா என்று கடைசிவரை மனசு ஊசலாடியது. போடுவது என்று முடிவு செய்ததற்குக் காரணம் நல்லவன் என்று பேர் வாங்குவது இல்லை. யாரையும் சான்றளிக்கும் முன் அவர்கள் அனுபவப் பதிவைப் பார்த்தே ஆக வேண்டும். இன்று மறைத்தால் வேலையில் சேரும் அன்று தெரியும். அந்த நேரத்தில் தெரிவது இருவருக்கும் வேண்டாத தலைவலி.

அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினார். முதலில் 'அனுபவம் போதாது' என்று எழுதியிருந்தேன். "போதுமா போதாதான்னு சொல்றது அவங்க வேலை. உன் கணக்கை மட்டும் சொல்லு" என்றார். மாற்றினேன்.

ஜூன் 16, திங்கள்

காலை ஒன்பதரைக்கு அனுப்பினேன். சனிக்கிழமை ராத்திரியே அனுப்பியிருக்கலாம். ஆனால் திங்கள் காலையில் ஹெச்ஆர் பெட்டியைத் திறந்தால் இரண்டு நாள் மெயில்களுக்கு அடியில் அது கிடக்கும்.

கோப்பின் பெயரில் விண்ணப்ப எண்ணையும் என் பெயரையும் வைத்தேன். போனில் எடுத்த படமாக இல்லாமல், கடையில் ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப்பாக ஆக்கியது. மதிப்பெண்ணும் சான்று எண்ணும் பெரிதாக்காமலே படிக்க முடிகிறதா என்று அனுப்பும் முன் என் போனிலேயே திறந்து பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 18, புதன்

பதில் இல்லை. போன் போட்டுக் கேட்கலாமா என்று அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டார். வேண்டாம் என்றேன். கேட்பதற்கு என்னிடம் கேள்வி எதுவும் இல்லை, தகவல் மட்டும்தான் இருந்தது. அதைக் கொடுத்தாயிற்று. அடுத்த திங்கள்வரை ஒன்றும் வராவிட்டால் இணைப்பு திறந்ததா என்று மட்டும் ஒரு வரி கேட்கலாம்.

ஜூன் 20, வெள்ளி

மதியம் பதில் வந்தது. நான்கே வரி. தகவல் என் விண்ணப்பத்தில் சேர்க்கப்பட்டது, க்யூசி பிரிவுக்கு அனுப்பப்பட்டது, இப்போதைய கம்பெனியிடமிருந்து யூடி அனுபவக் கடிதம் வேண்டும், 25ஆம் தேதி செய்முறைத் தேர்வுக்கு வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

கடிதம்தான் இடித்தது. முதலாளியிடம் போய் அனுபவக் கடிதம் கேட்டால் அன்றைக்கே ஷாப் முழுக்கத் தெரிந்துவிடும். அங்கே வேலை கிடைக்காவிட்டால் இங்கே இருக்கும் வேலையும் கசந்துபோகும். அண்ணன் வழி சொன்னார். வாரா வாரம் லெவல் 2 கையெழுத்துப் போட்ட லாக் புக் பக்கங்களின் நகலை இப்போது கொடுப்பது, கம்பெனி லெட்டர்ஹெட்டில் கடிதத்தை ரிலீவிங் சமயத்தில் தருவதாகச் சொல்வது. ஆனால் லாக் புக்கில் வாடிக்கையாளர் பெயரும் டிராயிங் எண்ணும் இருக்கின்றன. அதை வெளியே கொடுப்பது முறை இல்லை. நகல் எடுத்து அந்த இரண்டு பத்தியையும் மறைத்தேன். தேதி, முறை, தகடு கனம், மணி நேரம், கையெழுத்து மட்டும் தெரிகிறது. ஏன் மறைத்தேன் என்றும் இரண்டு வரி எழுதி அனுப்பினேன். சாயங்காலமே "சரி, கடிதம் சேரும்போது போதும்" என்று பதில்.

ஜூன் 25, புதன்

ராத்திரி பஸ்ஸில் கிளம்பி விடியற்காலையில் சென்னையில் இறங்கினேன். முதலில் பிடி, எம்டியில் கொஞ்சம் கேள்வி. அப்புறம் அவர்களுடைய லெவல் 3 சார் வந்தார். கையில் என் மெயிலின் அச்சுப் பிரதி, 520க்குக் கீழே பேனாவில் கோடு.

யூடி மெஷினை மேஜையில் வைத்து, வி1 பிளாக்கையும் 60 டிகிரி ப்ரோபையும் எடுத்துக் கொடுத்தார். 100 மில்லிமீட்டர் ஆரத்தில் எதிரொலியை உச்சத்துக்குக் கொண்டுவந்து ப்ரோபின் இண்டெக்ஸ் புள்ளியைக் குறித்தேன். பிறகு கோணத்தைச் சரிபார்த்தேன். அதற்குப் பிறகுதான் ரேஞ்சை செட் செய்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

அடுத்து 25 மில்லிமீட்டர் கனத்தில் வெல்டு போட்ட ஒரு தகடு. அரை ஸ்கிப் எவ்வளவு என்றார். 25ஐ டான் 60ஆல் பெருக்கினால் 43.3. முழு ஸ்கிப் 86.6. ஸ்கேன் செய்ததில் வெல்டின் வேர்ப் பக்கத்தில் ஒரு எதிரொலி எழுந்தது. பீம் பாதை 50ஐத் தாண்டி 52 காட்டியது. இந்தத் தகட்டில் அரை ஸ்கிப்புக்கான பாதை சரியாக 50. அதைத் தாண்டி வருவதென்றால் தகட்டின் அடிப்பரப்புக்குக் கீழே துருத்தி நிற்கும் வேர் மணியாக இருக்கலாம். "அப்ப விட்டுடலாமா?" என்றார். மறுபக்கத்திலிருந்தும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். மறுபக்கத்திலும் 50க்கு மேல்தான். இரண்டு பக்கத்திலிருந்தும் அளந்து வரைந்தால் எதிரொலி வெல்டின் நடுக்கோட்டைத் தாண்டி, ப்ரோபுக்கு எதிர்ப்புறமாக விழுந்தது. வேர் மணிதான் என்றேன். அதே தகட்டில் கொஞ்சம் தள்ளி இன்னொன்று இருந்தது. அதில் பாதை 50க்குச் சற்றுக் குறைவாக வந்தது, ப்ரோபைத் திருப்பினால் சட்டென்று விழுந்தது. அதைக் குறை என்று எழுதிக் கொடுத்தேன்.

கடைசியில் அந்தக் கோட்டைக் காட்டிக் கேட்டார்: "இதை ஏன் எழுதினீங்க? நாங்க கேட்கவே இல்லையே."

"எப்படியும் பார்ப்பீங்கன்னுதான் சார்."

"நிறையப் பேர் சர்டிபிகேட்டை மட்டும் அனுப்புவாங்க. அப்புறம் நாங்க போன் பண்ணி மணி நேரத்தைக் கேட்டு, பேப்பரைக் கேட்டு, அதுலயே ஒரு வாரம் போயிடும். உங்க மெயிலைப் பார்த்ததும் உங்களை எங்க வைக்கலாம்னு தெரிஞ்சுது" என்றார். பாராட்டு மாதிரி சொல்லவில்லை. ஒரு வேலை மிச்சமானது என்கிற குரல்.

ஜூன் 28, சனி

ஆஃபர் மெயில் வந்தது. பிடி, எம்டி இரண்டிலும் அவர்களுடைய சொந்தத் தேர்வில் தேறினால் லெவல் 2. யூடியில் இப்போதைக்கு லெவல் 1. அங்கேயுள்ள லெவல் 2 ஒருவரின் கீழ் ஸ்கேன் செய்யலாம். ஆனால் குறையை ஏற்பதா நிராகரிப்பதா என்று நான் தீர்ப்பு எழுதக் கூடாது, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடக் கூடாது. 840 மணி நேரம் நிறைந்ததும் அவர்கள் லெவல் 2 தேர்வு வைப்பார்கள். சம்பளத்திலும் அதற்கேற்ற இரண்டு படிகள் குறிப்பிட்டிருக்கிறது.

லெவல் 2 என்று எதிர்பார்த்திருந்த அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். "பாஸ் பண்ணியும் ஒண்ணாங் கிளாஸா?" என்றார். யூடி கட்டம் காலியாகவே இருந்திருந்தால் இந்த வேலைக்கே கூப்பிட்டிருப்பார்களா தெரியாது என்றேன். அதில் லெவல் 2 சர்டிஃபைட் என்று போட்டிருந்தால், இன்று இதே மெயிலில் விளக்கம் கேட்டிருப்பார்கள்.

கூடப் படித்தவனுக்கு ஹெச்ஆரிலிருந்து போன் வந்ததாம். இரண்டு விண்ணப்பத்தில் எது சரி என்று எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டான். பழைய எண்ணுக்குப் பதில் போடு, இரண்டாவதை விலக்கிக்கொள்வதாகச் சொல், மே மாதத்துக்குப் பிறகு மாறியது மட்டும் எழுது, மணி நேரத்தையும் சேர்த்துச் சொல் என்றேன். அவன் லாக் புக் வைத்திருக்கவில்லை. திங்கட்கிழமை அவனுடைய ஷாப் லெவல் 2இடம் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துத் தரக் கேட்கப் போகிறான். யூடி ரிப்போர்ட்டில் ஆபரேட்டர் பெயரும் தேதியும் இருக்கும். அதிலிருந்து மணி நேரத்தைத் திரும்பக் கட்டலாம், கையெழுத்துப் போட அந்த லெவல் 2 ஒத்துக்கொண்டால்.